ஒரே பங்குக்கு இரண்டு பி.ஈ. எண்கள் ஏன் வருகின்றன?

"ஐயா, நான் திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். இப்போதுதான் பத்திரிகையின் பங்குச் சந்தைப் பக்கத்தைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். 63 ரூபா விலையுள்ள ஒரு பங்குக்கு அதில் பி.ஈ. 7.5 என்று போட்டிருந்தது. அதே நாள் தரகர் அனுப்பிய தாளில் 10 என்று இருந்தது. எது சரி? எண் சிறிதாக இருந்தால் பங்கு மலிவு என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது உண்மையா?"

இரண்டும் சரியாக இருக்கலாம். பி.ஈ. என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே இருப்பது பங்கின் இன்றைய விலை, கீழே இருப்பது ஒரு பங்குக்கு உரிய ஓராண்டு இலாபம். விலையில் யாருக்கும் குழப்பம் வராது, அது சந்தையில் நடந்து முடிந்த வியாபாரம். குழப்பமெல்லாம் கீழே இருக்கும் இலாபத்தில்தான். எந்த ஓராண்டின் இலாபம், அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். பத்திரிகை ஓர் ஆண்டை எடுத்திருக்கும், தரகர் இன்னோர் ஆண்டை எடுத்திருப்பார்.

முதலில் அந்த எண் சொல்வது என்ன என்று பார்ப்போம். பிரதான வீதியில் ஒரு கடை விலைக்கு வருகிறது, எல்லாச் செலவும் வரியும் போக வருடம் 5 இலட்சம் மிஞ்சும் கடை. சொந்தக்காரர் 50 இலட்சம் கேட்கிறார் என்றால் பத்து வருட இலாபத்தை விலையாகக் கேட்கிறார். அந்தப் பத்துதான் பி.ஈ. பங்கிலும் இதே கணக்குத்தான், கடை முழுவதையும் வாங்காமல் அதில் ஒரு துண்டை வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். கம்பனியின் மொத்த இலாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது பங்கொன்றுக்கான உழைப்பு. விலையை அதனால் வகுத்தால் பி.ஈ.

இனி உங்கள் 7.5க்கும் 10க்கும் வருவோம். கம்பனியின் பெயரை நீங்கள் எழுதவில்லை, அதனால் அதே விடைகள் வரும்படி நானே ஒரு கம்பனியைக் கற்பனை செய்து கணக்கை நடத்திக் காட்டுகிறேன். உங்கள் கம்பனியின் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு இதே வழியில் நீங்களும் போகலாம்.

இந்தக் கம்பனிக்கு 10 கோடி பங்குகள் இருக்கின்றன. இலங்கையில் பல கம்பனிகளுக்கு நிதியாண்டு மார்ச் 31 அன்று முடிகிறது, இதற்கும் அப்படித்தான். 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டில் பங்கொன்றுக்கான உழைப்பு 8.40 ரூபா. விலை 63 ரூபா. 63ஐ 8.40ஆல் வகுத்தால் 7.5 வரும். பத்திரிகையில் நீங்கள் பார்த்த எண் இப்படித்தான் வந்திருக்க வேண்டும், அதாவது கடைசியாக முடிந்த முழு நிதியாண்டின் இலாபத்தை எடுத்திருக்கிறார்கள்.

ஆனால் இப்போது 2025 பெப்ரவரி கடைசி என்று வையுங்கள். 2024 ஏப்ரல் முதல் டிசம்பர் வரையான ஒன்பது மாதங்களின் கணக்கைக் கம்பனி வெளியிட்டுவிட்டது. கொழும்புப் பங்குச் சந்தையின் இணையத்தளமான cse.lk இல் கம்பனியின் பெயரைத் தேடினால் அந்தக் காலாண்டு அறிக்கையைத் தரவிறக்கலாம், பணம் எதுவும் கட்டத் தேவையில்லை. அதில் இலாப நட்டக் கூற்று இருக்கும் பக்கத்தைத் திறந்தால் முதலில் கண் கொஞ்சம் தடுமாறும், ஏனென்றால் எண்கள் பல நிரல்களில் இருக்கும். டிசம்பர் 31இல் முடிந்த மூன்று மாதங்கள், அதற்குப் பக்கத்தில் சென்ற வருடத்தின் அதே மூன்று மாதங்கள். அப்புறம் டிசம்பர் 31இல் முடிந்த ஒன்பது மாதங்கள், அதற்குப் பக்கத்தில் சென்ற வருடத்தின் அதே ஒன்பது மாதங்கள். பங்கொன்றுக்கான உழைப்பு அந்தக் கூற்றின் அடியில் இருக்கும்.

நமக்கு வேண்டியவை ஒன்பது மாத நிரல்கள் இரண்டும். இந்த வருடம் 3.00 ரூபா, சென்ற வருடம் 5.10 ரூபா என்று இருக்கிறது. இனி மிக அண்மைய பன்னிரண்டு மாத இலாபத்தை எடுக்க வேண்டும், அதாவது 2024 ஜனவரி முதல் டிசம்பர் வரை. முடிந்த முழு ஆண்டை எடுத்து, அதோடு புதிய ஒன்பது மாதங்களைக் கூட்டி, பழைய ஒன்பது மாதங்களைக் கழிக்க வேண்டும்:

8.40 + 3.00 − 5.10 = 6.30

பழைய ஒன்பது மாதங்களைக் கழிப்பது ஏனென்றால், அவை அந்த 8.40க்குள் ஏற்கனவே இருக்கின்றன. கழிக்கும்போது 2023 ஏப்ரல் முதல் டிசம்பர் வரையான பகுதி வெளியே போகிறது, 2024இன் முதல் மூன்று மாதங்கள் மட்டும் உள்ளே நிற்கின்றன. 63ஐ 6.30ஆல் வகுத்தால் 10. தரகரின் எண் இது.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் 10ஐத்தான் எடுப்பேன். ஏறக்குறைய ஒரு வருடம் பழைய இலாபத்தை இன்றைய விலையோடு சேர்த்து வைத்துப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதுவும் இந்தக் கம்பனியில் ஒன்பது மாத இலாபம் 5.10இலிருந்து 3.00க்கு இறங்கியிருக்கிறது. பத்திரிகையின் 7.5 அந்த இறக்கத்தைக் காட்டவே இல்லை. சந்தையில் இருப்பவர்கள் புதிய அறிக்கையைப் பார்த்து விலையைக் குறைத்திருப்பார்கள். பழைய இலாபத்தால் வகுக்கும் அட்டவணையிலோ, குறைந்த விலையால் பங்கு இன்னும் மலிவாகத் தோன்றும். அதனால் பி.ஈ. போட்டிருக்கும் எந்த அட்டவணையைப் பார்த்தாலும், அது எந்தத் திகதி வரையான இலாபம் என்று அடிக்குறிப்பில் தேடுங்கள். எழுதியிருக்கவில்லை என்றால், மேலே செய்த கணக்கை நீங்களே போட்டுவிடுங்கள், ஐந்து நிமிடம் ஆகாது.

ஆனால் 10 என்பதையும் அப்படியே நம்பிவிட முடியாது. முழு ஆண்டின் 8.40இலிருந்து ஒன்பது மாத 5.10ஐக் கழித்துப் பாருங்கள். 2024 ஜனவரி முதல் மார்ச் வரையான மூன்று மாதங்களில் மட்டும் 3.30 ரூபா உழைத்திருக்கிறது. மற்றக் காலாண்டுகளில் சராசரியாக 1.70 உழைத்த கம்பனி திடீரென்று ஏன் இரண்டு மடங்கு உழைத்தது? இப்படி ஒரு காலாண்டு மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் அறிக்கைக்குள் போய்த் தேட வேண்டும்.

தேட வேண்டிய முதல் இடம் 'ஏனைய வருமானம்' என்ற வரி. நமது கம்பனியில் ஆண்டறிக்கையின் அந்த வரிக்கு உரிய குறிப்பில், அந்த மூன்று மாதங்களில் காணி விற்ற இலாபம் 210,000 என்று இருக்கிறது. இந்த அறிக்கைகளில் எண்கள் பெரும்பாலும் ஆயிரம் ரூபாக்களில் எழுதப்படும், பக்கத்தின் தலைப்பில் அது சொல்லப்பட்டிருக்கும். ஆகவே 210,000 என்றால் 21 கோடி ரூபா. இலகுவுக்காக வரியெல்லாம் போன தொகை என்று வைத்துக்கொள்வோம். 10 கோடி பங்குகளுக்கு 21 கோடி என்றால் பங்கொன்றுக்கு 2.10. அந்தக் காணியை இன்னொரு தடவை விற்க முடியாது. எனவே அதைக் கழித்துவிட்டால் பன்னிரண்டு மாதங்களில் வியாபாரத்தால் வந்தது 6.30 − 2.10, அதாவது 4.20 ரூபா. 63ஐ 4.20ஆல் வகுத்தால் 15.

ஒரே பங்கு, ஒரே விலை, 7.5, 10, 15 என்று மூன்று விடைகள். வகுத்தலில் யாரும் பிழை விடவில்லை. இந்த வியாபாரத்துக்கு என்ன விலை கேட்கிறார்கள் என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், அதற்கு மிகக் கிட்டிய விடை 15தான்.

காணி விற்பனை கண்ணில் படக்கூடியது. அதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது முதலீட்டு ஆதனங்களின் மறுமதிப்பீட்டு இலாபம். கட்டடத்தின் மதிப்பு கூடியதென்று மதிப்பீட்டாளர் சொன்னால், அந்தக் கூடுதல் இலாபக் கணக்கில் ஏறும், ஆனால் கையில் ஒரு சதமும் வந்திருக்காது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி காசுப்பாய்ச்சல் கூற்று. இலாபம் ஏறியிருக்கிறது, தொழிற்பாட்டால் வந்த காசு ஏறவில்லை என்றால், அந்த இலாபம் எங்கிருந்து வந்தது என்று குறிப்புகளில் பாருங்கள். சில சமயம் அதற்கு நியாயமான காரணம் இருக்கும், கடனுக்கு விற்ற சரக்கின் பணம் இன்னும் வந்து சேராமல் இருக்கலாம். பல காலாண்டுகளாக அப்படியே இருந்தால் நான் அந்தப் பங்கைத் தள்ளி வைப்பேன்.

உங்கள் நண்பர் சொன்ன விஷயத்துக்கு இப்போது வருகிறேன். எண் சிறிது என்றால் மலிவு என்பது, கீழே இருக்கும் இலாபம் வரும் ஆண்டுகளிலும் வரும் என்றால்தான் உண்மை. காணி விற்பனை போன்ற ஒருமுறை வரவு இல்லாமல், வியாபாரத்தால் வந்த இலாபமே ஒரு நல்ல வருடத்தோடு நின்றுவிடலாம். இதற்கு உதாரணம் தேடி நீங்கள் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளை வைத்திருக்கும் லங்கா ஐ.ஓ.சி. கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி. 2022இல் நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரையான நிதியாண்டில் அதன் இலாபம் முந்தைய ஆண்டுகளைவிடப் பல மடங்கு உயர்ந்தது. பங்கின் விலையும் உயர்ந்தது, ஆனால் இலாபம் அதைவிட வேகமாக உயர்ந்ததால் பி.ஈ. மிகச் சிறிய எண்ணாகத் தெரிந்தது. அந்த எண்ணை மட்டும் பார்த்தவர், இரண்டு மூன்று வருடங்களில் போட்ட பணம் இலாபமாகத் திரும்பிவிடும் என்று நினைத்திருப்பார். அடுத்த நிதியாண்டில் இலாபம் வெகுவாகக் குறைந்தது. நெருக்கடி தந்த இலாபம் நெருக்கடியோடு போனது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஏறி இறங்கும் தொழில்களில் மிக மோசமான வருடத்தில் இலாபம் கிட்டத்தட்டப் பூச்சியமாக இருக்கும், அப்போது பி.ஈ. 80, 100 என்று பயமுறுத்தும். கட்டட வேலை நின்றுபோன காலத்துச் சீமெந்துக் கம்பனியை நினைத்துப் பாருங்கள். அந்தப் பெரிய எண் பங்கு விலை கூடியதால் வந்ததாக இருக்காது, இலாபம் கரைந்ததால் வந்ததாக இருக்கும். சீமெந்து, எரிபொருள், தேயிலை, இறப்பர் போன்ற தொழில்களுக்கு ஒரு வருட இலாபத்தை எடுக்காமல், ஐந்து அல்லது ஏழு வருடங்களின் சராசரி இலாபத்தால் விலையை வகுத்துப் பார்ப்பது நல்லது. ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில் ஐந்து அல்லது பத்து வருடச் சுருக்க அட்டவணை பெரும்பாலும் இருக்கும். அந்த ஒரு பக்கத்தை நான் முழு அறிக்கையின் மற்றப் பக்கங்களைவிட அதிகம் பார்ப்பேன். கடந்த சில ஆண்டுகளில் ரூபாவின் பெறுமதி மிகவும் விழுந்திருப்பதால், பழைய ஆண்டுகளின் இலாபம் இன்றைய எண்களுக்குப் பக்கத்தில் சிறிதாகத் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இன்னொரு பிழை நம் ஊர்க்காரருக்கு உடனே விளங்கும். சிலர் கடைசிக் காலாண்டின் இலாபத்தை நாலால் பெருக்கி அதை ஆண்டு இலாபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் ஹோட்டல்கள் நிரம்புவது வருடத்தின் நடுப்பகுதியில், கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில். மாரி தொடங்கினால் அறைகள் வெறுமை. யூலை முதல் செப்டெம்பர் வரையான இலாபத்தை நாலால் பெருக்கினால் என்ன வரும் என்று யோசியுங்கள். பன்னிரண்டு மாதக் கணக்கில் இந்தச் சிக்கல் இல்லை, ஒவ்வொரு பருவமும் அதில் ஒரு தடவை வந்துவிடும்.

சரி, 15 என்று கண்டுபிடித்தாயிற்று. அது கூடவா குறைவா? எண்ணைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பி.ஈ. 15 என்றால், நீங்கள் போடும் ஒவ்வொரு 100 ரூபாவுக்கும் கம்பனி வருடம் ஏறத்தாழ 6.70 ரூபா உழைக்கிறது. பி.ஈ. 10 என்றால் 10 ரூபா, 5 என்றால் 20 ரூபா. இதை வங்கியின் நிலையான வைப்பு வட்டியோடும், அரசாங்கம் குறுகிய காலக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலின் வட்டியோடும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2022 கடைசியில் திறைசேரி உண்டியல் வட்டி 30 வீதத்தைத் தாண்டியிருந்தது. அந்த நேரத்தில் ஒரு பங்கின் பி.ஈ. 5 என்றால், புத்தகத்தில் படித்தவருக்கு அது அள்ளிக்கொள்ள வேண்டிய மலிவு. ஆனால் அரசாங்கம் 30 தரும்போது 20 உழைக்கும் கம்பனியில் ஏன் பணம் போட வேண்டும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள், அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வட்டி இறங்கத் தொடங்கிய பிறகு அதே இலாபத்துக்குக் கூடிய விலை கொடுக்க ஆட்கள் வந்தார்கள். அதனால் 'பத்துக்குக் கீழே வாங்கு, இருபதுக்கு மேலே விற்று விடு' என்பது போன்ற நிலையான கோடுகளை நான் வைத்துக்கொள்வதில்லை.

வட்டியோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டையும் மறக்கக்கூடாது. வைப்பின் வட்டி உங்கள் கணக்கில் வந்து விழும். கம்பனி உழைக்கும் 6.70 முழுவதும் உங்களுக்கு வராது. அதில் ஒரு பகுதியைப் பங்கிலாபமாகத் தருவார்கள், மிச்சத்தைத் தொழிலிலேயே போடுவார்கள். போட்ட இடம் நல்லதென்றால் அடுத்த வருட இலாபம் வளரும். கடன்காரருக்கு வட்டி கட்டவே அது போய்விட்டால் வளராது. அதைப் பி.ஈ. சொல்லாது, கடன் எவ்வளவு என்பதை நிதிநிலைமைக் கூற்றில்தான் பார்க்க வேண்டும்.

பத்திரிகைப் பக்கத்தில் நீங்கள் சீக்கிரமே காணப்போகும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் துறைமுகப் பக்கத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் டோக்கியோ சீமெந்து, பட்டியலில் இரண்டு இடத்தில் இருக்கும்: TKYO.N0000, TKYO.X0000. N என்பது வாக்குரிமையுள்ள பங்கு, X வாக்குரிமையற்றது. கம்பனி ஒன்றுதான், பங்கொன்றுக்கான உழைப்பும் ஒன்றுதான். ஆனால் வாக்குரிமையற்ற பங்கு வழமையாகக் குறைந்த விலைக்குப் போகும், எனவே அதன் பி.ஈ.யும் குறைவாக இருக்கும். உதாரணத்துக்கு, உழைப்பு 6 ரூபா என்றும் விலைகள் 60, 48 என்றும் வைத்தால் ஒன்றுக்கு 10, மற்றதற்கு 8. பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கும் எண்ணமில்லாத சிறு முதலீட்டாளருக்கு இந்த வித்தியாசம் பயனுள்ளது. ஆனால் கம்பனியை யாராவது மொத்தமாக வாங்க வந்தால், அவர்கள் தேடுவது வாக்குரிமையுள்ள பங்கைத்தான். விற்க நினைக்கும் நாளில் எந்தப் பங்குக்கு வாங்குபவர்கள் அதிகம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிக்கையைத் திறக்கும்போது இரண்டு சிறிய விஷயங்கள். 'குழுமம்', 'கம்பனி' என்று இரண்டு தொகுதி எண்கள் இருந்தால் குழுமத்தின் எண்ணை எடுங்கள், துணைக் கம்பனிகளின் இலாபமும் அதில்தான் இருக்கும். பங்குப் பிரிப்பு நடந்திருந்தால், பழைய உழைப்பையும் அதே விகிதத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு இரண்டாகப் பிரிந்தால் விலை ஏறக்குறையப் பாதியாகும், உழைப்பை மாற்றாமல் விட்ட அட்டவணையில் பி.ஈ.யும் பாதியாகி, இல்லாத மலிவைக் காட்டும். பி.ஈ. நிரலில் வெறும் கோடு இருந்தால் கம்பனி நட்டத்தில் இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம், நட்டத்தால் விலையை வகுத்துப் பயனில்லை.

இனி அந்த 63 ரூபாப் பங்கு. கற்பனைக் கம்பனியின் அடுத்த கணக்கு, அதாவது 2025 மார்ச்சில் முடியும் ஆண்டின் கணக்கு, மே மாதக் கடைசிக்குள் வந்துவிடும். அது வரும்போது 2024 ஜனவரி முதல் மார்ச் வரையான காலாண்டு பன்னிரண்டு மாதக் கணக்கிலிருந்து வெளியேறும், காணி விற்ற இலாபமும் அதோடு போய்விடும். அந்தக் காலாண்டில் வியாபாரத்தால் வந்தது 1.20. 2025இன் அதே மூன்று மாதங்களிலும் அவ்வளவுதான் உழைக்கிறது என்றால், ஆண்டு உழைப்பு 3.00 + 1.20, அதாவது 4.20. விலை 63லேயே நின்றாலும் பத்திரிகையில் 7.5 இருந்த இடத்தில் 15 வந்து நிற்கும். பங்கு ஒரே நாளில் இரண்டு மடங்கு விலையேறியதாகச் சிலர் அன்றைக்கு நினைப்பார்கள். நீங்கள் அந்தக் கணக்கைப் பெப்ரவரியிலேயே போட்டு முடித்திருப்பீர்கள்.